கார்வி 2019: டீமேட் கணக்கிலிருந்து பங்குகள் வெளியே போனதும் திரும்பி வந்ததும்

2019 நவம்பர் 22 அன்று கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனத்தின் மீது, பங்குச் சந்தையின் ஒழுங்குமுறை அமைப்பான செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்பது அதில் ஒரு பகுதி. பங்குகளின் உரிமைப் பதிவேட்டை வைத்திருக்கும் இரண்டு டெபாசிட்டரிகளுக்கும் தரப்பட்ட கட்டளைகள் இன்னொரு பகுதி. வாடிக்கையாளர்கள் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியைக் காட்டி கார்வி அனுப்பும் எந்த அறிவுறுத்தலையும் இனி நிறைவேற்றாதீர்கள். 11458979 என்ற எண்ணுள்ள டீமேட் கணக்கிலிருந்து ஒரு பங்குகூட வெளியே போகக் கூடாது. அதிலுள்ள பங்குகளை, முழுப் பணமும் கட்டிய உண்மையான உரிமையாளருக்கு மட்டும், தேசியப் பங்குச் சந்தையின் மேற்பார்வையில் திருப்பலாம்.

அடுத்த பத்து நாளில், டிசம்பர் 2 அன்று, அந்த டெபாசிட்டரிகளில் ஒன்றான என்எஸ்டிஎல் சுமார் 83,000 முதலீட்டாளர்களின் பங்குகளை அந்தக் கணக்கிலிருந்து எடுத்து அவரவர் டீமேட் கணக்குக்கு மாற்றியது. அதே நாளில் பங்குச் சந்தைகள் கார்வியின் வர்த்தக உரிமத்தை நிறுத்தி வைத்தன.

டீமேட் கணக்கு எப்படி வேலை செய்கிறது, அதில் டெபாசிட்டரியின் பங்கு என்ன, புரோக்கரின் பங்கு என்ன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் இருவருடைய வேலையும் ஒரே ஆப்பில், ஒரே திரையில் கலந்து கிடக்கும். ஒருவர் தவறும் நாளில்தான் எது யாருடைய கையில் இருந்தது என்று பிரிந்து தெரியும்.

பங்கு உண்மையில் எங்கே இருக்கிறது

இந்தியாவில் டெபாசிட்டரி என்று இரண்டே நிறுவனங்கள்தான் உண்டு. 1996-இல் டெபாசிட்டரிகள் சட்டம் வந்த கையோடு தொடங்கியது என்எஸ்டிஎல். 1999-இல் வந்தது சிடிஎஸ்எல். டீமேட் கணக்கு எனப்படுவது இந்த இரண்டில் ஒன்றின் கணினிப் பதிவேட்டில் உங்கள் பெயரில் இருக்கும் ஒரு பகுதி. அதில் உள்ளவை மிக எளிமையான வரிகள்: எந்தப் பங்கு, எத்தனை, அதில் எத்தனை தடையின்றி இருக்கிறது, எத்தனை அடகில் இருக்கிறது. எந்தப் பங்கு என்பதை INE என்று தொடங்கும் 12 எழுத்து ஐஎஸ்ஐஎன் எண் சொல்லும். என்ன விலைக்கு வாங்கினீர்கள், லாபமா நஷ்டமா என்பதெல்லாம் டெபாசிட்டரிக்குத் தேவையில்லாத விஷயம். அதெல்லாம் புரோக்கர் தன் கணினியில் போட்டுக் காட்டும் கணக்கு.

சட்டப்படி இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டீமேட்டில் உள்ள பங்குகளுக்கு நிறுவனத்தின் பார்வையில் பதிவுபெற்ற உரிமையாளர் டெபாசிட்டரிதான். ஆனால் அந்தத் தகுதி, பங்கைக் கைமாற்றிப் பதிவு செய்யும் வேலைக்கு மட்டும். டிவிடெண்ட், போனஸ், வாக்குரிமை எதுவும் டெபாசிட்டரிக்குக் கிடையாது. அவை முழுவதும் பயனுரிமையாளர் என்று பதிவேட்டில் இருப்பவருக்கு, அதாவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. ஒரு நிறுவனம் டிவிடெண்ட் அறிவித்தால், பதிவுத் தேதியன்று இருந்த பயனுரிமையாளர் பட்டியலை டெபாசிட்டரிகள் கொடுக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்து நிறுவனம் நேராக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும். புரோக்கர் நடுவில் வருவதே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டெபாசிட்டரி முதலீட்டாளரிடம் நேரடியாகக் கணக்குத் திறப்பதில்லை. டெபாசிட்டரி பார்ட்டிசிபன்ட், சுருக்கமாக டிபி, என்ற முகவர் மூலமாகத்தான் திறக்கும். வங்கியும் டிபியாக இருக்கலாம், புரோக்கரும் இருக்கலாம். கணக்கு எண்ணிலேயே இது எழுதியிருக்கும். என்எஸ்டிஎல் கணக்கு என்றால் IN என்று தொடங்கும் எட்டு இடங்கள் டிபியைக் குறிக்கும், அடுத்த எட்டு இலக்கங்கள் வாடிக்கையாளரை. சிடிஎஸ்எல் கணக்கில் பதினாறும் இலக்கங்களே; முதல் எட்டு டிபி, அடுத்த எட்டு நீங்கள்.

புரோக்கரின் வேலை வேறு. உங்கள் ஆர்டரைப் பங்குச் சந்தைக்கு எடுத்துப் போவது, நடந்த வர்த்தகத்தைக் காட்டும் காண்ட்ராக்ட் நோட் கொடுப்பது, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் நடுவே நிற்கும் கிளியரிங் கார்ப்பரேஷனோடு பணத்தையும் பங்கையும் தீர்ப்பது, வர்த்தகத்துக்கு ஈடாக வைக்க வேண்டிய மார்ஜினை வசூலிப்பது. நிலம் வாங்குவதோடு ஒப்பிட்டால் புரோக்கர் நிலத் தரகர், டெபாசிட்டரி சார்பதிவாளர் அலுவலகம். தரகரின் நோட்டில் உங்கள் பெயர் இருப்பதால் நிலம் உங்களுடையது ஆகிவிடாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பெரும்பாலான புரோக்கர்கள் டிபியாகவும் இருக்கிறார்கள். கார்வியும் அப்படித்தான். பங்குச் சந்தை உறுப்பினர் என்ற தொப்பியும் டிபி என்ற தொப்பியும் ஒரே தலையில். ஆர்டரை வாங்குபவரே டெபாசிட்டரிப் பதிவேட்டில் பற்று எழுதும் முனையத்தையும் வைத்திருக்கிறார். அதோடு பவர் ஆஃப் அட்டர்னியும் சேர்ந்தால், வாடிக்கையாளரின் கையெழுத்து ஒவ்வொரு முறையும் தேவைப்படாமல் போய்விடும்.

நூறு பங்கின் பயணம்

2019-இன் நடைமுறையில் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு முதலீட்டாளர் திங்கட்கிழமை ஒரு நிறுவனத்தின் 100 பங்குகளை 500 ரூபாய் வீதம் வாங்குகிறார். மொத்தம் 50,000 ரூபாய், முழுவதும் கட்டிவிட்டார். அன்று மாலை காண்ட்ராக்ட் நோட் வருகிறது. பங்கு இன்னும் வரவில்லை, ஏனென்றால் அப்போது தீர்வு நாள் வர்த்தக நாளுக்கு இரண்டு நாள் கழித்து. புதன்கிழமை கிளியரிங் கார்ப்பரேஷன், விற்றவர்களின் புரோக்கர்களிடமிருந்து வந்த பங்குகளை வாங்கிய புரோக்கரின் பூல் கணக்குக்கு, அதாவது எல்லா வாடிக்கையாளர்களின் பங்கும் முதலில் வந்து சேரும் பொதுக் கணக்குக்கு, அனுப்புகிறது. அந்தப் புரோக்கர் 100 பங்கைத் தன் பூல் கணக்கிலிருந்து வாடிக்கையாளரின் டீமேட் கணக்குக்கு மாற்ற வேண்டும்.

மாற்றுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது டெபாசிட்டரிப் பதிவேட்டில் வாடிக்கையாளரின் பெயருக்கு நேரே 100. புரோக்கரின் பின்னலுவலகக் கணினியிலும் 100. இரண்டும் ஒத்துப்போகின்றன.

மூன்று மாதம் கழித்து புரோக்கருக்குப் பணம் தேவைப்படுகிறது. பவர் ஆஃப் அட்டர்னியைப் பயன்படுத்தி, டிபி முனையத்திலிருந்து ஓர் அறிவுறுத்தல் போகிறது: இந்த வாடிக்கையாளர் கணக்கில் 100 பற்று, புரோக்கர் பெயரிலுள்ள கணக்கில் 100 வரவு. டெபாசிட்டரியின் கணினி இதில் குறை காண எதுவும் இல்லை. அனுப்பியவர் அங்கீகரிக்கப்பட்ட டிபி, கணக்கில் இருப்பு உள்ளது, பற்றும் வரவும் சமம். அறிவுறுத்தலின் பின்னால் இருக்கும் காரணம் நேர்மையானதா என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது. அந்த வாடிக்கையாளர் பங்கை விற்றிருந்தாலும் இதே போன்ற பற்றுதான் வரும்.

இப்போது டெபாசிட்டரிப் பதிவேட்டில் வாடிக்கையாளருக்கு 0, புரோக்கருக்கு 100. புரோக்கரின் பின்னலுவலகமோ வாடிக்கையாளருக்கு இன்னும் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. ஆப்பைத் திறந்தால் 100, மாத அறிக்கையில் 100. இந்த இடைவெளிதான் முழு நிகழ்வின் கரு.

அடுத்து அடகு. பங்கடகு என்பதும் டெபாசிட்டரிப் பதிவேட்டுக்குள்ளேயே நடக்கும் ஒரு காரியம். பயனுரிமையாளர் அடகு கேட்கிறார், கடன் கொடுக்கும் வங்கி தன் டிபி மூலம் ஏற்கிறது, பங்கு அதே கணக்கில் இருந்தபடியே அடகுக் குறி பெறுகிறது. இங்கே பயனுரிமையாளர் என்று பதிவேடு காட்டுவது புரோக்கரை. ஆகவே வங்கி பார்ப்பது, புரோக்கர் தன் பெயரிலுள்ள பங்கைத் தானே அடகு வைக்கும் காட்சியை. மதிப்பில் பாதிக்குக் கடன் என்று வைத்தால், 50,000 ரூபாய் பங்குக்கு 25,000 கிடைக்கும். அந்தப் பணம் புரோக்கரின் சொந்தத் தேவைக்குப் போகும்.

பங்கு விலை குறைந்தால் வங்கி கூடுதல் அடகு கேட்கும். அதற்கு இன்னொரு வாடிக்கையாளரின் பங்கு உள்ளே வரும். முதல் வாடிக்கையாளர் தன் 100 பங்கை விற்க வந்தால், அடகில் இருப்பதைக் கொடுக்க முடியாது. மூன்றாமவரின் பங்கை எடுத்துக் கொடுத்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் பலர் கேட்காத வரைக்கும் இது ஓடும். வெளியே முதலில் தெரிகிற அறிகுறி தாமதம்தான்: விற்ற பணம் வரவில்லை, கேட்ட பங்கு மாறவில்லை, கேட்டால் தொழில்நுட்பக் கோளாறு என்று பதில் வரும்.

11458979

மேலே சொன்ன கணக்கு எண்ணுக்கு வருவோம். எட்டு இலக்கம், அதாவது என்எஸ்டிஎல் எண்ணின் வாடிக்கையாளர் பகுதி. அதன் உரிமையாளர் கார்வியே. பங்குச் சந்தையின் முதற்கட்ட ஆய்வறிக்கையை வைத்து செபி எழுதிய உத்தரவில், 2019 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை கார்வி சமர்ப்பித்த அறிக்கைகளில் இந்தக் கணக்கைக் காட்டவே இல்லை என்று உள்ளது. இது சிறிய விடுபடுதல் அல்ல. புரோக்கர்களிடம் வாடிக்கையாளர் பங்கு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பங்குச் சந்தை அறிய, புரோக்கர் தன் எல்லாக் கணக்குகளையும் அறிவிக்க வேண்டும். ஒரு கணக்கு மட்டும் பட்டியலுக்கு வெளியே இருந்தால், அதிலுள்ள பங்குகள் மேற்பார்வையாளரின் கண்ணுக்கு வெளியே போய்விடும்.

அதே உத்தரவு இன்னும் இரண்டு தொகைகளைச் சொன்னது. 2016 ஏப்ரலிலிருந்து 2019 அக்டோபர் வரை நிகர அளவில் 1,096 கோடி ரூபாய், கார்வியிலிருந்து அதன் குழுமத்தைச் சேர்ந்த கார்வி ரியல்டிக்குப் போயிருந்தது. சம்பந்தப்பட்ட ஒன்பது கணக்குகள் வழியாக, இருக்க வேண்டியதைவிடக் கூடுதலான 485 கோடி ரூபாய்ப் பங்குகள் விற்கப்பட்டிருந்தன. அடகு வைத்தால் பங்கு ஒரு நாள் திரும்ப வர வாய்ப்புண்டு. விற்றுவிட்டால் அது சந்தையில் முகம் தெரியாத யாரோ ஒருவருக்குப் போய்விட்டது, திருப்பிக் கேட்க வழியில்லை.

2019 ஜூன் 20 அன்றுதான் செபி, வாடிக்கையாளர் பங்கைப் புரோக்கர் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ அடகு வைக்கவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருந்தது. ஏற்கெனவே அடகில் இருப்பதை மீட்டு, ஒன்று வாடிக்கையாளர் கணக்குக்கு அனுப்ப வேண்டும், இல்லையேல் பாக்கி வைத்திருப்பவரின் பங்கை விற்றுக் கணக்கு முடிக்க வேண்டும். செப்டம்பர் இறுதி வரை அவகாசம். அதற்கு முன்பு, பணம் பாக்கி வைத்த வாடிக்கையாளரின் பங்கை அந்தப் பாக்கி அளவுக்கு அடகு வைப்பது நடைமுறையில் இருந்தது. அனுமதிக்கப்பட்டதற்கும் திருட்டுக்கும் நடுவே இருந்த கோடு புரோக்கரின் உள்கணக்கில் மட்டும் தெரிந்தது. என் பார்வையில் பெரிய ஓட்டை அங்கேதான் இருந்தது: வெளியிலிருந்து பார்க்கும் டெபாசிட்டரிக்கும் வங்கிக்கும் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

எப்படித் திரும்பின

பங்குகளைத் திருப்புவது கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். கணக்கில் இருக்கிறது, எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே? ஆனால் புரோக்கர் பெயரிலுள்ள கணக்குக்குள் நுழைந்ததும் பங்கு தன் உரிமையாளர் பெயரை இழந்துவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் ஒரு லட்சம் பங்கு அந்தக் கணக்கில் இருந்தால், டெபாசிட்டரிப் பதிவேடு ஒரே வரியில் ஒரு லட்சம் என்றுதான் சொல்லும். அது எத்தனை பேருடையது, யாருக்கு எவ்வளவு என்பது புரோக்கரின் பின்னலுவலகத்தில்தான் இருக்கும். டெபாசிட்டரியிடம் இருப்பது தடம்: எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து எத்தனை வந்தது என்ற பதிவு. இந்தத் தடத்தையும், யார் முழுப் பணம் கட்டியவர் என்ற சரிபார்ப்பையும் சேர்த்துத்தான் திருப்ப முடியும். பங்குச் சந்தையின் மேற்பார்வை தேவைப்பட்டது இதற்காகத்தான்.

அப்போது சொல்லப்பட்ட கணக்கின்படி, பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 95,000 பேர், பங்குகளின் மதிப்பு சுமார் 2,300 கோடி ரூபாய். டிசம்பர் 2-இல் சுமார் 83,000 பேருக்கு வந்துவிட்டது. மீதிப் பேரில் கார்விக்குப் பாக்கி வைத்திருந்தவர்கள் பாக்கியைத் தீர்த்த பிறகே பெற முடியும் என்ற நிலை.

வங்கிகளுக்கு இது பெரும் அடி. பஜாஜ் ஃபைனான்ஸ், எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, இண்டஸ்இண்ட் வங்கி ஆகியவை தங்களிடம் முறையாக அடகு வைக்கப்பட்ட பங்குகள் தங்களைக் கேட்காமலே போய்விட்டன என்று வழக்குக்குப் போயின. செபி அவர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. வாடிக்கையாளரின் பங்கைப் புரோக்கர் அடகு வைக்க உரிமையே இல்லாதபோது அந்த அடகு எப்படிச் செல்லும் என்பது அதன் நிலைப்பாடு. ஆனால் 2023 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டெபாசிட்டரிகள் சட்டப்படி பதிவேட்டில் உரிமையாளர் என்று இருந்தவர் கார்வி, அடகும் அதே பதிவேட்டில் முறைப்படி பதிவானது. எனவே அடகை மீட்டுக் கொடுங்கள், அல்லது வட்டியோடு ஈடு கொடுங்கள் என்றது. செபி அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது.

இந்த வழக்கை நான் முக்கியமாக நினைக்கக் காரணம் உண்டு. பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர் என்ற விதி, உங்கள் பெயர் அங்கே இருக்கும் வரை உங்களுக்குப் பெரிய கவசம். புரோக்கர் திவாலானாலும், உங்கள் டீமேட்டிலுள்ள பங்கு அவர் சொத்தல்ல, அவருடைய கடன்காரர்கள் தொட முடியாது. வங்கியில் போட்ட பணத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அது: அந்தப் பணம் வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடனாகிவிடுகிறது, டீமேட் பங்கு அப்படி ஆவதில்லை. ஆனால் பங்கு வேறொருவர் பெயருள்ள கணக்குக்கு நகர்ந்த மறுகணம், அதே விதி அவருக்குக் கவசம் ஆகிறது. 83,000 பேருக்கு உடனே கிடைத்தது நியாயமே. ஒழுங்குமுறை அமைப்பு தலையிட்டதால் கிடைத்தது அது, பதிவேடு தானாகக் காப்பாற்றியதால் அல்ல.

மீதிக் கதை சுருக்கம். 2020 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை கார்வியைத் தவணை தவறியவராக அறிவித்து வெளியேற்றியது. டீமேட் கணக்குகள் ஏல முறையில் வேறொரு டிபிக்கு மாற்றப்பட்டன. 2021 ஆகஸ்டில் நிறுவனத் தலைவர் சி. பார்த்தசாரதியை ஹைதராபாத் போலீஸ் கைது செய்தது. 2023 ஏப்ரலில் செபி அவரையும் நிறுவனத்தையும் ஏழு ஆண்டுகளுக்குச் சந்தையிலிருந்து விலக்கி, இருவருக்குமாக 21 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்த அத்தியாயம் முழுவதிலும், சொந்த டீமேட் கணக்கிலேயே பங்கு இருந்த வாடிக்கையாளர்களுக்கு டிபிதான் மாறியது, பங்கு கைவிட்டுப் போகவில்லை. பதிவேடு டெபாசிட்டரியிடம் இருந்ததால் அது சாத்தியமானது.

முன்கூட்டியே தெரிந்திருக்குமா

தெரிந்திருக்கும். அதற்கு இரண்டு இடங்கள் இருந்தன.

முதலாவது, டெபாசிட்டரி அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கை, சிஏஎஸ் என்பார்கள். உங்கள் பான் எண்ணோடு இணைந்த எல்லா டீமேட் கணக்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் அதில் வரும். நடவடிக்கை நடந்த மாதத்தில் மாதாந்திர அறிக்கை வரும், இல்லாவிட்டால் அரையாண்டுக்கு ஒருமுறை. இது புரோக்கரின் கணினியைத் தொடாமல் பதிவேட்டிலிருந்து நேராக வருகிறது. மேலே பார்த்த நூறு பங்கு நிகழ்வில், ஆப் 100 காட்டும், சிஏஎஸ் 0 காட்டும். அறிக்கை வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். என்எஸ்டிஎல்லின் ஐடியாஸ், சிடிஎஸ்எல்லின் ஈசி என்ற சேவைகளில் பதிவு செய்துகொண்டால் டெபாசிட்டரியின் தளத்திலேயே இருப்பைப் பார்க்கலாம். பற்று நடந்தால் டெபாசிட்டரியே செல்பேசிக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பும். ஒரே நிபந்தனை, கணக்கில் பதிவான எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். கணக்குத் திறக்கும்போது முகவர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் எச்சரிக்கை போய்ச் சேருவது அவருக்குத்தான்.

ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. வாங்கிய அன்றே பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகாது. தீர்வு நாள் முடியாததால் பதிவேட்டில் பங்கு வந்திருக்காது, ஆப் மட்டும் காட்டும். மார்ஜினுக்காக நீங்களே அடகு வைத்த பங்கு, சிஏஎஸ்ஸில் அடகு என்ற தனிப் பத்தியில் இருக்கும், காணாமல் போயிருக்காது. தீர்வு முடிந்து நாட்கள் ஆன பிறகும், அடகுப் பத்தியிலும் இல்லாமல், எண்ணிக்கை குறைந்திருந்தால்தான் கேள்வி.

இரண்டாவது அறிகுறி டிவிடெண்ட். முன்பு சொன்னபடி, நிறுவனம் பணம் அனுப்புவது பதிவேட்டில் உள்ள பயனுரிமையாளருக்கு. பங்கு புரோக்கரின் கணக்கில் இருந்தால் டிவிடெண்ட் புரோக்கருக்குப் போகும். நேர்மையானவரோ, சந்தேகம் வரக் கூடாது என்று நினைப்பவரோ, அதைத் தன்னிடமுள்ள உங்கள் பணக் கணக்கான லெட்ஜரில் வரவு வைப்பார். ஆகவே டிவிடெண்ட் வங்கிக் கணக்குக்கு நிறுவனத்தின் பெயரில் வராமல், புரோக்கரின் லெட்ஜரில் ஒரு வரியாக வந்தால், அந்தப் பதிவுத் தேதியன்று பங்கு உங்கள் பெயரில் இல்லை என்று அர்த்தம். தொகை சரியாக இருக்கிறதே என்று திருப்தி அடைந்தால் இந்த அறிகுறி கை நழுவிவிடும். எவ்வளவு வந்தது என்பதோடு யாரிடமிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

பிறகு என்ன மாறியது

கார்வி மாதிரி நிகழ்வுக்குத் தேவையான முதல் படியே, பங்கு வாடிக்கையாளர் கணக்கை விட்டு நகர்வது. பிறகு வந்த மாற்றங்கள் பெரும்பாலும் அந்தப் படியைத்தான் அடைத்தன.

மார்ஜினுக்குப் பங்கு கொடுப்பது 2020 செப்டம்பர் முதல் அடகு முறைக்கு மட்டும் மாறியது. பங்கு உங்கள் கணக்கிலேயே இருக்கும், புரோக்கருக்குச் சாதகமாகக் குறி மட்டும் விழும். அந்தக் குறிக்கும் டெபாசிட்டரியிலிருந்து நேராக வரும் ஓடிபியை நீங்கள் கொடுத்தாக வேண்டும். புரோக்கர் அதைக் கிளியரிங் கார்ப்பரேஷன் வரை மறு அடகு வைக்கலாம், வங்கிக்குக் கொண்டுபோக முடியாது. டிவிடெண்டும் உங்களுக்கே வரும்.

பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக 2022 நவம்பரில் டிடிபிஐ என்ற குறுகிய ஒப்புதல் ஆவணம் வந்தது. சந்தையில் விற்ற பங்கைக் கொடுப்பது, மார்ஜின் அடகு போன்ற குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே அது செல்லும். அதையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுக்காவிட்டால் ஒவ்வொரு விற்பனைக்கும் டெபாசிட்டரியின் பக்கத்தில் பின் எண்ணும் ஓடிபியும் இட வேண்டும். சிடிஎஸ்எல்லில் அதை டிபின் என்பார்கள். புரோக்கரின் ஆப்புக்குள் அந்தப் பக்கம் திறந்தாலும் எண்ணைச் சரிபார்ப்பது சிடிஎஸ்எல்தான். அடிக்கடி விற்காதவர் டிடிபிஐ கொடுக்காமலே இருக்கலாம் என்பது என் கருத்து. கூடுதலாகும் அரை நிமிடத்தில், பற்று எழுதும் சாவி உங்கள் கையிலேயே இருக்கிறது.

விற்கும்போதும் பங்கு புரோக்கர் கணக்குக்குப் போவது குறைந்துவிட்டது. விற்ற பங்கை உங்கள் கணக்கிலேயே கிளியரிங் கார்ப்பரேஷனுக்குச் சாதகமாக, வேறெங்கும் நகராதபடி பிளாக் செய்யும் முறை 2022 நவம்பரில் கட்டாயமானது. வாங்கும் பக்கத்தில், பங்கு பூல் கணக்கில் தங்காமல் கிளியரிங் கார்ப்பரேஷனிலிருந்து நேராக வாடிக்கையாளர் டீமேட்டுக்கு வரும் முறையை செபி 2024 ஜூனில் அறிவித்து, சில ஒத்திவைப்புகளுக்குப் பிறகு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பணம் பாக்கி இருந்தால்கூடப் பங்கு உங்கள் கணக்குக்கே வந்து, புரோக்கருக்குச் சாதகமாக அடகுக் குறி பெறும். தீர்வும் 2023 ஜனவரி முதல் அடுத்த நாளே முடிந்துவிடுகிறது.

இவையெல்லாம் பங்குக்கான பாதுகாப்பு. புரோக்கரிடம் வர்த்தகத்துக்காகப் போட்டு வைத்த ரொக்கத்துக்கு டெபாசிட்டரி எந்த வகையிலும் பொறுப்பல்ல, அதன் பதிவேட்டில் பணமே கிடையாது. கார்வியில் லெட்ஜரில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் பங்குச் சந்தையிடம் கோரிக்கை மனு கொடுத்து, முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியின் உச்சவரம்புக்கு உட்பட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. பங்கு திரும்பிய வேகம் அந்த வழியில் இல்லை.

சிஏஎஸ்ஸுக்கும் புரோக்கர் அறிக்கைக்கும் நடுவே விளக்க முடியாத வித்தியாசம் கண்டால், முதலில் டெபாசிட்டரி தளத்திலிருந்து பரிவர்த்தனை அறிக்கையை எடுக்க வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை பங்கு போனது, எந்தக் கணக்குக்குப் போனது என்பது அதில் இருக்கும். அந்தத் தேதியைச் சுற்றி விற்பனைக்கான காண்ட்ராக்ட் நோட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால் கணக்கிலிருந்து பற்று நடக்காதபடி முடக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிட்டு, டிபி, டெபாசிட்டரி, பங்குச் சந்தை மூன்றுக்கும் ஒரே நேரத்தில் புகார் அனுப்ப வேண்டும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளம் உண்டு. டிபியின் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்பு என்றால் டெபாசிட்டரியிடமே ஈடு கேட்கச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்தக் கோரிக்கைக்கு அடிப்படை ஆவணம் பதிவேட்டின் அறிக்கைதான், ஆப்பின் திரைப்பிடிப்பு அல்ல.